அறுபத்தைந்து: ஒரு மாற்றுப் பட்டியலில் ஒளிந்திருந்த பிழை

மூன்று பைசாவில் தொடங்கிய விவகாரம் இது. கதையாகச் சொல்கிறேன், ஊரும் சங்கமும் ஆட்களும் பெயரில்லாமல் இருக்கட்டும். கணக்கை மட்டும் ஒளிக்காமல் வைக்கிறேன். நம்பாதவர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

நெசவாளர்கள் நிறைந்த ஒரு சிற்றூர். அங்கே ஒரு பழைய கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கம். நான் அங்கே ஆண்டுத் தணிக்கைக்குப் போனவன். மூன்றாம் நாள் காலையில் ஒரு மூதாட்டி பேரனோடு வந்து, மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு பாஸ் புத்தகத்தை எடுத்துச் செயலாளர் மேசைமேல் வைத்தார். அவருடைய கணவர் 1955 முதல் 1966 வரை அணா அணாவாகக் கட்டிய சிக்கன வைப்பு அதில் இருந்தது. கடைசி இருப்பு ரூ.187.40. கணவர் இறந்து பல காலம் ஆகிவிட்டது. வீட்டை இடித்துக் கட்டும்போது பரண்மேல் கிடைத்ததாம்.

செயலாளர் கெட்டவர் அல்லர், எச்சரிக்கையானவர். சங்கத்தில் எஞ்சியிருந்த ஒரே பழைய சிக்கன வைப்புப் பேரேட்டை எடுத்துவரச் சொன்னார். மூன்று தொகுதிகளில் முதலாவதும் மூன்றாவதும் கரையானுக்குப் போய்விட்டன. 1957 ஏப்ரல் முதல் 1961 வரையான இரண்டாம் தொகுதி மட்டும் அட்டை கிழிந்த நிலையில் தப்பியிருந்தது. உறுப்பினர் எண்ணைத் தேடி எடுத்துப் பார்த்தால் தொடக்க இருப்பு ரூ.41.65. பாஸ் புத்தகத்தில் அதே நாளுக்கு ரூ.41.62.

“பேரேடுதான் மூலம், பாஸ் புத்தகம் நகல். மூலத்தோடு ஒத்துவராத நகலை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பணம் கொடுப்பது?” என்றார் செயலாளர்.

கேட்பதற்கு மூன்று பைசாவுக்கு அடம்பிடிப்பதுபோல இருக்கும். அவர் பயம் மூன்று பைசாவைப் பற்றியது அல்ல. 1961க்குப் பிறகு அந்த மனிதர் கட்டிய பணத்துக்குச் சங்கத்தில் எந்த ஏடும் இல்லை. நெடுநாள் அசையாத கணக்குகளை 1969இல் பெயர் விவரம் இல்லாமல் ஒரே தொகையாகக் ‘கோரப்படாத வைப்பு’ என்ற தலைப்புக்கு மாற்றிவிட்டார்கள். ஆக, கடைசி ஐந்து ஆண்டுகளுக்குப் பேசக்கூடிய ஒரே சாட்சி அந்தப் பாஸ் புத்தகம். சோதித்துப் பார்க்க வழி இருக்கும் இடத்திலேயே அது தவறுகிறது என்றால், வழி இல்லாத இடத்தில் அதை எப்படி நம்புவது? வாதம் நியாயமானதுதான்.

மூதாட்டி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து மேசையில் இருந்த எழுத்தரைப் பார்த்து, “அவர் கணக்கில் பொய் எழுதுகிற ஆள் இல்லை, கண்ணு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த எழுத்தர் அம்மாள் வேலைக்குச் சேர்ந்து நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. இரண்டு புத்தகங்களையும் தன் மேசைக்கு எடுத்துச் சென்றவர் அவர்தான்.

மாறாத மூன்று பைசா

அவர் முதலில் செய்த காரியம் எளியது. இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 1957 முதல் 1961 வரை வரவும் வட்டியும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். நாள், தொகை, வட்டி எல்லாம் பொருந்தின. இருப்பு மட்டும் எல்லா வரியிலும் பேரேட்டில் மூன்று பைசா அதிகம். கடைசியாக 1961இல் பேரேடு 96.18 என்றது, பாஸ் புத்தகம் 96.15 என்றது.

வேறுபாடு நடுவில் கூடியோ குறைந்தோ இருந்தால், எங்கோ ஒரு வரவைத் தவறாக ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். கடைசிவரை மாறாமல் வந்தால் தவறு முதல் வரியில் இருக்கிறது. முதல் வரிக்கு முந்தைய வரி பேரேட்டில் கிடையாது. அது கரையான் தின்ற தொகுதியில் இருந்தது. ஆனால் பாஸ் புத்தகத்தில் இருந்தது. ‘41-10-0’ என்று எழுதி, அதன் அடியில் கோடு போட்டு, ‘41.62’ என்று வேறொரு மையில் எழுதிச் சுருக்கொப்பம் இட்டிருந்தார்கள்.

அணா பைசாவைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. அன்றைய ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்குப் பன்னிரண்டு பை. 41-10-0 என்றால் நாற்பத்தொரு ரூபாய், பத்து அணா, பை இல்லை. 1955இல் நாணயச் சட்டத்தைத் திருத்தி, 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாயை நூறு நயா பைசாவாக்கினார்கள். அப்படியானால் ஓர் அணா ஆறேகால் நயா பைசா. ஆறேகாலுக்கு நாணயம் கிடையாது. அதனால் அருகில் உள்ள முழு எண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும், சரிபாதியாக நின்றால் கீழே இறக்க வேண்டும் என்பது விதி. பத்து அணா 62.5 ஆகும், பாதி என்பதால் 62. பாஸ் புத்தகம் விதிப்படி சரி.

இதை அவர் செயலாளரிடம் காட்டினார். “பாஸ் புத்தகத்தில் பத்து அணா என்று எழுதியிருப்பதே சரி என்பதற்கு என்ன ஆதாரம்? பேரேட்டின்படி வேறு ஏதாவது இருந்திருக்கலாம் அல்லவா?” என்று கேட்டார் அவர். மறுபடியும் நியாயமான கேள்வி. பாஸ் புத்தகத்தை வைத்தே பாஸ் புத்தகத்தை மெய்ப்பிக்க முடியாது. பேரேடே தன் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆறு பைசா எந்தப் பக்கம் சாய்ந்தது

இரண்டாம் தொகுதியின் முதல் நான்கு பக்கங்கள் ஒரே அட்டவணை. தலைப்பு ‘மாற்றுப் பட்டியல், 31-3-1957’. பக்கத்துக்கு இருபத்து நான்கு வரி, மொத்தம் தொண்ணூற்றாறு உறுப்பினர்கள். உறுப்பினர் எண், பழைய பேரேட்டின் பக்க எண், புதிய இருப்பு ரூபாயிலும் நயா பைசாவிலும். அணாக் கணக்குக்குத் தனிக் கட்டமே இல்லை. பழைய பேரேட்டைப் பார்த்து மாற்றி நேரே எழுதியிருக்கிறார்கள். நான்காம் பக்கத்தின் அடியில் இப்படி:

மொத்தம் 4318.62
பொதுப் பேரேட்டின்படி ரூ.4318-9-0, அதாவது 4318.56
சில்லறை வித்தியாசம் 0.06, செலவில் எழுதப்பட்டது

எழுத்தர் இதை என்னிடம் கொண்டுவந்தார். நான் பார்த்துவிட்டுச் சிரித்தேன். தொண்ணூற்றாறு பேர் கணக்கைத் தனித்தனியாக மாற்றிக் கூட்டினால், மொத்தத்தை ஒரே தடவை மாற்றியதோடு ஒத்துவராது. ஆறு பைசா போகத்தான் செய்யும் என்றேன். 1957இல் அதைப் பார்த்த தணிக்கையாளரும் இதையே நினைத்திருப்பார், பார்த்திருந்தால். அந்நாளில் கூட்டுறவு ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிந்தது. மார்ச் கடைசியில் போட்ட பட்டியல் ஆண்டின் நடுவயிற்றில் கிடந்தது. ஜூன் 30 இருப்பைப் பார்க்க வந்தவருக்கு அங்கே புரட்டிப் பார்க்க அவசியமே இல்லை.

அந்த அம்மாள் போகவில்லை. “சார், ஆறு பைசா போகும் என்கிறீர்கள். இங்கே போகவில்லை, வந்திருக்கிறது” என்றார்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அவர் மேசையிலிருந்த தாளில் எழுதிக் காட்டினார். நான்கு, எட்டு, பன்னிரண்டு அணாக்கள் மீதியில்லாமல் 25, 50, 75 ஆகிவிடுகின்றன. ஓர் அணா கூடினால் கால் பைசா விடுபடுகிறது: 6.25 என்பது 6. இரண்டு அணா கூடினால் அரைப் பைசா விடுபடுகிறது: 12.5 என்பது 12. மூன்று அணா கூடினால் மட்டும் கால் பைசா ஏறுகிறது: 18.75 என்பது 19. அதாவது நாலு விதக் கணக்கு வந்தால், ஒன்றில் ஒன்றுமில்லை, ஒன்றில் கால் நஷ்டம், ஒன்றில் அரை நஷ்டம், ஒன்றில் கால் லாபம். நாலுக்குமாக அரைப் பைசா நஷ்டம். பாதியை எப்போதும் கீழே இறக்கு என்று விதி சொல்வதால் வரும் சாய்வு இது.

தொண்ணூற்றாறு பேர் என்றால் இருபத்து நான்கு நாலுகள். ஏறக்குறைய பன்னிரண்டு பைசா குறைய வேண்டும். பட்டியல் 4318.44ஐ ஒட்டி நின்றிருக்க வேண்டும். நிற்பதோ 4318.62. வெளியே தெரிவது ஆறு பைசா மிகை. உள்ளே ஏறக்குறைய பதினெட்டுப் பைசாத் தவறு கிடக்கிறது. அதில் பன்னிரண்டை மாற்று விதியின் நஷ்டம் விழுங்கிவிட்டது. மீதி ஆறு மட்டும் தலை நீட்டுகிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அது பிடிபடாததற்கு இதுதான் காரணம். வேறுபாடே இல்லாமல் இருந்திருந்தால்கூட எவனாவது ‘அதெப்படி வேறுபாடே வரவில்லை’ என்று சந்தேகப்பட்டிருப்பான். ஆறு பைசா யாரையும் தூங்கவைக்கும் அளவு.

உடனே நான் முந்திக்கொண்டேன். பதினெட்டு ஒன்பதால் வகுபடுகிறது. இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதினால் வரும் வேறுபாடு எப்போதும் ஒன்பதின் மடங்கு. யாரோ 12ஐ 21 என்றோ 56ஐ 65 என்றோ எழுதியிருக்கிறான், தேடுங்கள் என்றேன். எங்கள் தொழிலில் சேர்ந்த முதல் வாரத்தில் கற்பிக்கும் சூத்திரம் இது. ஒன்பதால் வகுபடுவதெல்லாம் இடமாற்றம் அல்ல என்பதை மட்டும் யாரும் அவ்வளவு அழுத்திக் கற்பிப்பதில்லை. அவருடைய பதினெட்டு ஒரு தோராயம் என்பதையும் நான் கவனிக்கவில்லை.

பதினாறு எண்கள்

மறுநாள் அவர் தொண்ணூற்றாறு வரிகளையும் பார்த்துக்கொண்டு போகும்போது ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. நான் முப்பது ஆண்டுகள் பேரேடு பார்த்தவன், எனக்குப் படாதது. அந்தச் சங்கத்தில் சிக்கன வைப்பை முழு அணாவில்தான் வாங்கினார்கள். வட்டியையும் அணாவுக்கு முழுமையாக்கியே வரவு வைத்தார்கள். அப்படியானால் ரூபாய்க்குப் பின்னால் வரக்கூடியவை பதினாறே பதினாறு. அணா வரிசைப்படி, சுழியிலிருந்து பதினைந்துவரை:

0, 6, 12, 19
25, 31, 37, 44
50, 56, 62, 69
75, 81, 87, 94

நூறு எண்களில் மற்ற எண்பத்து நான்கும் அந்த நான்கு பக்கங்களில் தலைகாட்டவே கூடாது. காட்டினால் அந்த வரி தவறு. கூட்ட வேண்டியதில்லை, கழிக்க வேண்டியதில்லை, பார்த்தாலே போதும்.

இதில் இன்னொரு அழகு இருக்கிறது. இந்தப் பதினாறில் எதை இடம் மாற்றி எழுதினாலும் பதினாறுக்குள் இன்னொன்று கிடைக்காது. 12 திரும்பினால் 21. 19 திரும்பினால் 91. 37 திரும்பினால் 73. 81 திரும்பினால் 18. எதுவும் பட்டியலில் இல்லை. (44 திரும்பினாலும் 44தான், அதில் பிழையே இல்லை.) ஆக, நான் சொன்ன இடமாற்றப் பிழை இருந்திருந்தால் தன்னால் பல்லிளித்திருக்கும்.

அவர் விரலை வைத்து இறங்கினார். முதல் பக்கத்தில் பதினேழாம் வரி: 65. இரண்டாம் பக்கத்தில் இரண்டு இடத்தில் 65. மூன்றாம் பக்கத்தில் மூதாட்டியின் கணவர் கணக்கு: 65. நான்காம் பக்கத்தில் மேலும் இரண்டு. மொத்தம் ஆறு. வேறு எந்த அந்நிய எண்ணும் இல்லை. இன்னொன்றும் கவனித்தார். தொண்ணூற்றாறு வரிகளில் 62 ஓரிடத்தில்கூட இல்லை.

“56ஐத் திருப்பி எழுதியிருக்கிறான், நான் சொல்லவில்லையா?” என்றேன்.

“ஆறு பேருக்கும் ஒன்பது ஒன்பது என்றால் ஐம்பத்து நான்கு ஆகிறதே, சார். 56 சரியாகவே எழுதின வரிகளும் இருக்கின்றன” என்றார்.

பிறகு அவர் செய்த காரியம்தான் செயலாளரின் வாயை அடைத்தது. பைசாவை அணாவாகத் திருப்பினார். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பைசா எண்ணுக்கும் ஒரே ஓர் அணாதான் பொருந்தும் என்பதால் இது சாத்தியம்: 19 என்றால் மூன்று அணா, 44 என்றால் ஏழு அணா, ஐயமில்லை. ரூபாய்க் கட்டத்தின் கூட்டு 4274. அணாக்களைத் தனியே கூட்டினார். ஆறு அறுபத்தைந்துகளையும் பத்து அணாவாக வைத்தால் மொத்தம் 713 அணா. அது நாற்பத்து நான்கு ரூபாய் ஒன்பது அணா. 4274ஓடு சேர்த்தால் 4318-9-0. பொதுப் பேரேட்டில் அன்று எழுதியிருந்த அதே தொகை, அணா பிசகவில்லை.

என் ஊகப்படி அவற்றை ஒன்பது அணாவாக வைத்தால் ஆறு அணா குறைந்து 4318-3-0 வருகிறது. ஒத்துவரவில்லை. நான் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தேநீர் வாங்கிவரச் சொன்னேன்.

செயலாளர் இன்னொரு தடை போட்டார். அவரும் பழைய ஆள், பைக்கணக்குத் தெரியும். “வட்டியில் பை விழுந்திருக்கலாமே. பத்து அணா ஐந்து பை என்றால் 65 வருகிறதே?” உண்மைதான். பத்து அணா ஐந்து பையை மாற்றினால் 65.1, அது 65தான். காலணாக் கணக்கில் வராத அந்த எண், பை அளவில் வரும். எழுத்தர் அதையும் கூட்டினார். ஆறு பேருக்கு ஐந்து ஐந்து பை, முப்பது பை, அதாவது இரண்டு அணா ஆறு பை. மொத்தம் 4318-11-6 ஆகியிருக்க வேண்டும். பொதுப் பேரேட்டில் பைக் கட்டம் சுழியாக நிற்கிறது. அந்தத் தடையும் விழுந்தது.

இப்போது பன்னிரண்டு என்ற தோராயத்தையும் அவரால் துல்லியமாகச் சொல்ல முடிந்தது. மீதியில்லாத கணக்குகள் 41. கால் பைசா விடுபட்டவை 19. அரைப் பைசா விடுபட்டவை 22. கால் பைசா ஏறியவை 14. நிகர நஷ்டம் 12.25 பைசா. மொத்தத்தை மாற்றும்போது ஒன்பது அணாவுக்கும் கால் பைசா விடுபட்டதால், இரண்டு தொகைக்கும் நடுவே இருந்திருக்க வேண்டிய இடைவெளி சரியாகப் பன்னிரண்டு. ஆறு பேருக்கு மூன்று மூன்று பைசா மிகை, பதினெட்டு. பதினெட்டில் பன்னிரண்டு போக ஆறு. ‘சில்லறை வித்தியாசம் 0.06’ என்ற வரியின் பிறப்பு இதுதான். அது ஒன்பதால் வகுபட்டது வெறும் தற்செயல்.

அட்டையின் உட்புறம்

ஆறு பேருக்கும் ஒரே தவறு என்றால், தவறியது கை அல்ல. கை பார்த்து எழுதிய ஏதோ ஒன்று. பேரேட்டின் முன்னட்டை உட்புறத்தில் பழுப்பேறிய தாள் ஒன்று பசை வைத்து ஒட்டியிருந்தது. அதுவரை அதை யாரும் படிக்கவில்லை. மேலே சங்கத்தின் முத்திரையும் யாரோ மை சோதித்த கிறுக்கலும் இருந்ததால் குப்பைத் தாள் போலத் தெரிந்தது. அணா ஒன்று முதல் பதினைந்துவரை கையால் எழுதிய மாற்று அட்டவணை அது.

எழுத்தர் அதை ஜன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தார். இரண்டு, ஆறு, பத்து, பதினான்கு அணா வரிகளில் மட்டும் எண்ணுக்குப் பின்னால் தாள் சற்றுச் சொரசொரப்பாக இருந்தது. எழுதியவர் முதலில் கணக்குப்படி 12½, 37½, 62½, 87½ என்று எழுதியிருக்கிறார். பாதியைக் கீழே இறக்க வேண்டும் என்ற விதி தெரிந்தபிறகு பிளேடால் அந்த அரைகளைச் சுரண்டி எடுத்திருக்கிறார். மூன்று வரிகளில் சுத்தமாக வந்துவிட்டது. பத்து அணா வரியில் பிளேடு கொஞ்சம் அதிகம் போய், பக்கத்திலிருந்த 2இன் பாதியையும் கொண்டுபோய்விட்டது. அதன்மேல் திரும்ப எழுதியிருக்கிறார். சுரண்டிய தாளில் மை நிற்காது, ஊறும். ஊறி, கீழ்வளைவு தடித்து, 2 இருந்த இடத்தில் நல்ல ஐந்து ஒன்று நின்றது. அதே கை பன்னிரண்டில் எழுதிய 2ஐப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது ஐந்து அல்ல என்றே சந்தேகம் வரும்.

எழுதியவரே தன் எழுத்தைத் தவறாகப் படித்தாரா, பட்டியல் போட்டவர் வேறு ஆளா என்று சொல்வதற்கில்லை. தாளில் உள்ள கையும் பட்டியலில் உள்ள கையும் எனக்கு ஒன்றுபோலத்தான் தோன்றின. எழுத்தருக்கு அப்படித் தோன்றவில்லை. பாஸ் புத்தகத்தில் 41.62 எழுதிய கை மட்டும் நிச்சயம் வேறு. அவர் இந்தத் தாளைப் பார்க்காமல் எழுதியிருக்கிறார். அதனால்தான் உறுப்பினரிடம் போன நகல் சரியாகவும், சங்கத்தில் தங்கிய மூலம் தவறாகவும் ஆயின.

என்ன தீர்ந்தது, என்ன தீரவில்லை

எழுத்தர் பேரேட்டில் கை வைக்கவில்லை. முடிந்துபோன ஆண்டின் ஏட்டில் எண்ணை அடித்து எழுதினால், திருத்தம் எவ்வளவு நியாயமானாலும் நாளைக்கு அதுவே குற்றமாகத் தெரியும். தனித்தாளில் அறிக்கை எழுதினார்: பதினாறு எண்கள், ஆறு வரிகள், திருப்பிக் கூட்டிய அணா, ஒத்துவராத இரண்டு ஊகங்கள், அட்டைத் தாளின் நிலை. ஒன்றரைப் பக்கம். நிர்வாகக் குழுவின் தீர்மானத்தோடு அதை இணைத்து, பேரேட்டின் அந்தப் பக்கத்தில் தீர்மான எண்ணை மட்டும் ஓரத்தில் குறித்துவைத்தார்கள். கோரப்படாத வைப்பிலிருந்து ரூ.187.40உம் துணைவிதிப்படியான வட்டியும் மூதாட்டிக்குக் கிடைத்தன. மற்ற ஐந்து பேருக்கு 1957இல் தலைக்கு மூன்று பைசா மிகையாகப் போனதை வசூலிக்கலாமா என்று குழுவில் ஒருவர் கேட்டாராம். தமாஷுக்குத்தான் கேட்டிருப்பார் என்று நம்புகிறேன்.

இந்தச் சோதனையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அறிக்கையில் அவரே எழுதியிருந்தார். பதினாறு எண்களுக்குள் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எழுதியிருந்தால் பார்வையில் தெரியாது. அணாக் கூட்டுதான் காட்டிக்கொடுக்கும். ஒருவர் இருப்பை இன்னொருவர் வரியில் எழுதி, இன்னொருவருடையதை இவர் வரியில் எழுதியிருந்தால் அணாக் கூட்டும் ஒத்துப்போகும், எதுவும் காட்டிக்கொடுக்காது. பாஸ் புத்தகம் யார் பரணிலாவது கிடைத்தால் உண்டு. பை வரவு வைத்த சங்கங்களில் பதினாறு என்ற வேலியே கிடையாது. அங்கே ஒரு ரூபாய்க்குள் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு இருப்புகள் வரலாம் என்பதால் நூறு பைசாவும் நியாயமான எண்ணாகிவிடும். முழு அணாவில் மட்டும் கணக்கு வைத்த இடங்களுக்கே இந்த வழி.

என் தணிக்கை முடிந்து கிளம்பும் நாளில் இன்னொரு பேரேட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அதே ஆண்டின் கடன் பேரேடு. அதற்கும் 31-3-1957க்கு ஒரு மாற்றுப் பட்டியல் உண்டு. சங்கத்துக்கு உறுப்பினர்கள் தர வேண்டிய பாக்கிகள். பஸ் டிக்கெட்டுகளைக் கிழித்து நான்கு இடத்தில் அடையாளம் வைத்திருந்தார். ஒவ்வொன்றாகத் திறந்தேன். நான்கிலும் 65. நான் பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.